நொச்சிக்குறிச்சியில் பால் நின்றது

நொச்சிக்குறிச்சியில் பால் பொங்குவது நின்றுபோனது தீபாவளி கழிந்த வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில். இரும்புக் கடை சங்கரலிங்கத்தின் வீட்டு அடுப்பில்தான் அது முதலில் நடந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்போது முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததையும், நடக்காமல் போனதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அந்தச் சாயங்காலம் சங்கரலிங்கத்தின் ஒரே மகன் ஆவுடையப்பன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் சொர்ணாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாகச் சொன்னான். அவள் ஆட்கள் வேறு, ஊர் வேறு. மதிலுக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள், பாத்திரம் பறக்கும், யாராவது மார்பில் அடித்துக்கொள்வார்கள், குறைந்தபட்சம் ஒரு கதவாவது அறைந்து சாத்தப்படும் என்று. சங்கரலிங்கம் "சரி" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அவர் மனைவி முப்பிடாதி அம்மாள் அரிந்துகொண்டிருந்த அவரைக்காயை அரிந்து முடித்தாள். ஆவுடையப்பனும் "சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மதிலோரத்துப் பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை வாசிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அவர்களும் உலை வைக்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் முப்பிடாதி அம்மாள் வைத்த பால் சூடேறி, ஓரங்களில் நுரை கட்டி, ஆடை நடுங்கி, பாத்திரத்தின் விளிம்பு வரை விறுவிறுவென்று ஏறி வந்தது. அவள் பழக்கத்தில் கரண்டியோடு பாய்ந்தாள். பால் விளிம்புக்கு மேல் அரை விரல் உயரத்துக்குக் கவிழ்த்த கிண்ணம் போல எழுந்து, அங்கேயே நின்றது. அடியில் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, மேலே ஒரு சொட்டு வழியவில்லை. அவள் அடுப்பைப் பெரிதாக்கினாள், நின்றது. சின்னதாக்கினாள், இறங்கியது. காபி போட்டுக் கணவருக்குக் கொடுத்தாள். இதைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் எதிர்வீட்டுத் தங்கம்மை வீட்டில் பால் நின்றது. சாயங்காலம் தெரு முழுக்க நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் பேருந்து நிலையத்துக் கடைகளில், பெருமாள் கோயில் மடைப்பள்ளியில், பத்திரிகை கொடுத்து முடித்திருந்த கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையில், ஊர் எல்லையில் இருக்கிற கல் தூண் வரைக்கும் எல்லா அடுப்புகளிலும் பால் ஏறி வந்து நின்றது. தூணுக்கு அந்தப் பக்கம் வைத்தால் எப்போதும் போலப் பொங்கியது. ஒரு கல்லூரி வாத்தியார் வந்து வெப்பமானியை விட்டுப் பார்த்தார். கால்நடை டாக்டர் மாடுகளின் மடியைப் பார்த்தார். ஒரு சாமியார் வந்து பாலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் போய் டீ குடித்தார். பிறகு யாரும் வரவில்லை.

ஊர் அதற்குப் பழகிய வேகம்தான் ஆச்சரியம் என்று சொல்ல வேண்டும், ஆனால் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. டீக்கடை மாஸ்டர்கள் பாலை ஏற்றிவிட்டு எதிர்க் கடையில் போய்ச் சீட்டு விளையாடினார்கள். பெண்கள் பாலை வைத்துவிட்டுக் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், மொட்டைமாடியில் நின்று அடுத்த மாடிக்காரியோடு ஆற அமரப் பேசினார்கள். பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடவில்லை, பார்க்காமல் விட்டதற்காக யாரும் திட்டு வாங்கவுமில்லை. அடுப்பு துடைக்கிற வேலை மிச்சம், வழிகிற பால் மிச்சம் என்றார்கள். புது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். அதற்கும் வழி வந்தது. தரகர் ஒருவர் கல் தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். புது வீட்டுக்காரர்கள் அங்கே போய்ப் பாலைப் பொங்கவிட்டு, பாத்திரத்தைத் துணியால் மூடி, மேளக்காரரோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து புது வீட்டில் இறக்கினார்கள். "பால் நிக்கு" என்பது மழை பெய்கிறது, வெயிலடிக்கிறது என்பது மாதிரி ஒரு பேச்சாகிவிட்டது.

முதலில் நின்றது எந்த வீட்டில் என்பதை மட்டும் எவரும் சங்கரலிங்கத்தின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவர் காலையில் கடை திறந்து கம்பி நிறுத்தார், ஆணி நிறுத்தார், இரவு கடையைச் சாத்தினார். மகனுக்கு ஒரு முறை கடைப் பையன்கள் மூலமாகச் சொல்லியனுப்பினார்: வருவதானால் தனியாக வரலாம், அவன் அறை அப்படியேதான் கிடக்கிறது. அதற்கும் ஆவுடையப்பன் "சரி" என்றுதான் பதில் சொல்லியனுப்பினான். போகவில்லை.

பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் சொர்ணாவும் ஆவுடையப்பனும் குடியிருந்தார்கள். அவன் நல்லவன். விடிந்ததும் வேலைக்குப் போனான், பொழுது சாய்ந்ததும் வந்தான், சமைத்ததைச் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், உப்பில்லாத அன்றும் நன்றாக இருக்கிறது என்றான். சாயங்காலங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய் வந்தான். எங்கே என்று கேட்டால் சும்மா என்பான். அவன் தன் அப்பா வீட்டுத் தெருமுனை வரை போய், அங்கே பஞ்சர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறான் என்று அவளுக்கு ஊர் சொல்லிவிட்டது. அவள் அவனிடம் அதைக் கேட்கவில்லை. அவளுக்கும் உள்ளே எதுவோ மரத்துத்தான் இருந்தது. நாளெல்லாம் ஊசி குத்துகிற வேலை அவளுடையது, கையை நீட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவளுக்கு அந்தத் திருப்பிய முகங்கள் பழகிப்போயிருந்தன. அழவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்பில் நிற்கிற பாலைப் பார்த்துக்கொண்டு, இறக்க மறந்து, அப்படியே நின்றுகொண்டிருப்பாள்.

மார்கழி பாதியில் வீட்டுக்கார அம்மா வாடகை வாங்க வந்தபோது சொன்னாள், "தலைப்பொங்கலுக்குப் பேசலைன்னா அதுக்கப்புறம் பேசவே மாட்டாங்க தாயி. இந்த ஊர்ல அப்படித்தான் இருந்திருக்கு. வடக்குத் தெருவுல ரெண்டு குடும்பம், இழவுக்குத்தான் மொகம் பாத்துக்கிட்டாங்க." சொல்லிவிட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொர்ணா கணவனின் முகத்தைப் பார்த்தாள். இந்த முகம் இப்படியே இருந்துவிடும், முப்பது வருஷத்துக்கு நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். "பொங்கலுக்கு நான் போய் உங்க அப்பா அம்மாவுக்கு வாழ்த்து சொல்லப் போறேன்" என்றாள்.

"நான் வரலை."

"நீங்க வரவேண்டாம். வந்தா அது வேற மாதிரி ஆயிரும்."

"போன்ல படம் அனுப்பிரலாமே. பானை, கரும்பு, சூரியன்…"

"உங்க அப்பாவுக்கு அன்னைக்குக் காலைலேருந்து அந்தப் படம்தான் வந்துக்கிட்டு இருக்கும். சிமெண்ட் கம்பெனி அனுப்புன படத்துக்கும் பெயிண்ட் கம்பெனி அனுப்புன படத்துக்கும் நடுவுல நான் அனுப்புனதும் கிடக்கும்."

அவன் யோசித்தான். "சரி" என்றான்.

பரிசோதனை நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஜெபா இதைக் கேட்டதும் கையிலிருந்த ரத்த மாதிரிக் குப்பியைத் தாங்கியில் செருகிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெபாவும் வீட்டுக்கு எதிராகக் கட்டிக்கொண்டவள்தான்.

"கையில என்ன கொண்டு போற?"

"ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன்க்கா. மாமாவுக்கு வேட்டி."

"தூர வை. நீ குடுத்தேன்னு வையி, வாங்கணுமா வேண்டாமான்னு அவங்க அந்த இடத்துலயே முடிவு பண்ணணும். தெருவே பாத்துக்கிட்டு நிக்கும்போது எவ முடிவு பண்ணுவா? வேண்டாம்னுதான் வாயில வரும். மொத கிறிஸ்மஸுக்கு எங்க மாமியாருக்கு நான் இவ்ளோ பெரிய கேக்கு கொண்டு போனேன் பாத்துக்கோ. மேசை மேலேயே இருந்துச்சு. எறும்புதான் வந்து வெட்டுச்சு."

சொர்ணாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் என்று தெரிந்தது. "அப்போ வெறுங்கையாவா போறது?" என்றாள்.

"கோயிலுக்குப் போ. தேங்கா, பழம் கூடையில இருக்கட்டும், அது சாமிக்கு. அவங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கக்கூடாது, அவங்க வீட்டு வழியா போன மாதிரி இருக்கணும். நின்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மன்னிச்சிருங்க, ஏத்துக்கிடுங்க, அதெல்லாம் பேசப்பிடாது. நல்ல நாளும் அதுவுமா அவங்களுக்குப் பரீட்சை வைக்காத. உள்ள வான்னு கூப்பிட்டாலும் போவாத."

"கூப்பிட்டாக்கூடவா?"

"கூப்பிட்ட வேகத்துலயே ஐயோ கூப்பிட்டுட்டோமேன்னு பயந்துருவாங்க. அவங்க பயப்படுறதுக்கு முன்னாடி நீ கெளம்பிரணும்."

"அத்தைன்னு கூப்பிடலாமாக்கா?"

ஜெபா உதட்டைப் பிதுக்கினாள். "நீ அத்தைன்னா அவங்க என்னன்னு கேக்கணும். கேட்டா உறவுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும். உம்முனு இருந்தா தெரு சிரிக்கும். மொத வார்த்தையில வேண்டாம். தானா வந்தா வரட்டும்."

"அப்போ என்னதான் சொல்ல?"

"அதான் எனக்கும் தெரியலை" என்றாள் ஜெபா. "கேக்கு மேல வாழ்த்து எழுதிக் கொண்டு போனவகிட்ட வந்து கேக்குற."

சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது அந்த வருஷம் ஊருக்கே சிக்கலாகத்தான் இருந்தது. சொர்ணாவின் ஊரைப் போலவே நொச்சிக்குறிச்சியிலும் பொங்கல் வாழ்த்து என்று தனியாக எதுவும் கிடையாது. வாசலில் பானை ஏற்றிவிட்டு, பொங்கியதும் பெண்கள் குலவையிட்டு, வளைக்கை ஈரம் காயாமல் அடுத்த வீட்டைப் பார்த்து "பால் பொங்கிட்டா?" என்று கேட்பார்கள். கேட்டவர்களிடம் "பொங்கிட்டு, உங்களுக்கு?" என்று திரும்பக் கேட்க வேண்டும். வாய்க்கால் தகராறில் வெட்டுக்குத்து வரை போனவர்கள்கூட அன்றைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்கிறவர் எதையும் தருவதில்லை, எதையும் கேட்டு வாங்குவதுமில்லை. பானையைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் இந்த வருஷம் பொங்காத பாலைப் பற்றி எப்படிக் கேட்பது? மார்கழிக் கடைசியில் கோயில் மண்டபத்தில் பெண்கள் கூடிப் பேசினார்கள். பால் நின்றதும் அரிசியைப் போட்டுவிடலாமா, நின்றதைப் பொங்கியதாக எடுத்துக்கொள்ளலாமா, தூணுக்கு அந்தப் பக்கம் பொங்கவைத்துக் கொண்டு வரலாமா என்று பேசினார்கள். எதிலும் ஒரு முடிவுக்கு வராமல், ஒன்றை மட்டும் ஒத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். ஹேப்பி பொங்கல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தை பிறந்த அன்று சொர்ணா விடியுமுன் எழுந்தாள். அவள் அம்மா பேருந்தில் கொடுத்தனுப்பிய பொங்கல்படி மூலையில் இருந்தது, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, ஒரு புதுப் பானை. மாடி வீட்டில் வாசல் கிடையாது என்பதால் காஸ் அடுப்பில்தான் பானையை ஏற்றினாள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றி, பாலை விட்டாள். பால் ஏறி வந்து நின்றது. அவள் காத்திருந்தாள். பிறகு உள்ளே தூங்குகிற கணவனைப் பார்த்தாள், எழுந்ததும் அவனுக்குப் பசிக்கும் என்பது நினைவு வந்தது, அரிசியைப் போட்டுவிட்டாள். பொங்கலை இறக்கி வைத்ததும், பழைய பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கூடையில் தேங்காயும் பழமும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். புதுச் சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் வைத்தாள்.

சங்கரலிங்கத்தின் தெருவில் வெயில் இன்னும் ஓட்டு நுனிகளில்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு கோலத்தின் நடுவே சுண்ணாம்பும் காவியும் பூசிய அடுப்புக் கட்டிகள், பனையோலைத் தீ, மஞ்சள் கட்டிய பானைகள். ஒவ்வொரு பானையின் வாயிலும் வெள்ளையாக ஒரு மேடு எழுந்து நின்றது. ஒவ்வொரு பானைக்குப் பக்கத்திலும் ஒரு பெண் அரிசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குலவைக்காக நாக்கை மடித்து வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஓலை எரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இவ்வளவு அமைதியான பொங்கலைச் சொர்ணா பார்த்ததில்லை. தன் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டதால் அதைக் கழற்றிக் கூடைக்கு அடியில் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று நடந்தாள்.

"ஏ முப்பிடாதி" என்றது ஒரு குரல். எதிர்வீட்டுத் தங்கம்மைதான். "ஒம் மருமவ வாரா பாரு. கூடையோட வாரா. சீரு கொண்டாராளோ என்னமோ."

"கோயிலுக்குப் போறேன்" என்றாள் சொர்ணா. அந்த நேரத்தில் அது மட்டும்தான் அவளுக்குச் சரியாக வந்தது.

முப்பிடாதி அம்மாள் நிமிரவில்லை. ஒற்றை ஓலையைத் தீக்குள் தள்ளினாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் சங்கரலிங்கம் புது வேட்டி கட்டி உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். தாள் அவருடைய முகத்தை மறைத்தது, விரல்கள் மட்டும் தெரிந்தன. சொர்ணா நின்றாள். பேருந்தில், குளியலறையில், ஊசி போடும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று அவளிடம் இருந்தது. உங்கள் இருவருக்கும் எங்கள் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள் என்று தொடங்கும். அது தொண்டை வரை ஏறி வந்து நின்றது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் பானைதான் பட்டது, விளிம்புக்கு மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிற பாலும், அதன் பக்கத்தில் அரிசித் தட்டைப் பிடித்து வலித்துப்போன ஒரு கையும்.

"பொங்கிட்டா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் கேட்டது அவளுக்கே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து இந்த ஒரு நாளில் இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் வாய் கேட்டிருக்கிறது, அதுவாகவே கேட்டுவிட்டது. தங்கம்மை "அடியாத்தீ" என்றாள். இரண்டு வீடு தள்ளி யாரோ எழுந்து நின்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று ஊர் முடிவெடுத்திருந்தது, அதிலும் அந்த வீட்டில், அந்தப் பானையிடம், இவள் கேட்டுவிட்டாள்.

முப்பிடாதி அம்மாள் நிமிர்ந்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நாள் அது, அவள் நாக்குக்கும் அது தெரிந்திருந்தது.

"இல்ல" என்றாள். சொல்லிவிட்டுப் பானையைப் பார்த்தாள். "விடிஞ்சதுலேருந்து நிக்கு." பிறகு, கேட்டவளிடம் திரும்பக் கேட்க வேண்டும் என்பதால், "ஒனக்கு?" என்றாள்.

"எனக்கும் நிக்கு" என்றாள் சொர்ணா. "நான் அரிசியப் போட்டுட்டேன்."

"பொங்காமலா?"

"ஆமா. எந்திரிச்சதும் அவருக்குப் பசிக்கும்லா."

முப்பிடாதி அம்மாளின் கை தீக்குப் பக்கத்திலேயே நின்றது. "எந்திரிச்ச ஒடனே திங்கணும்பான்" என்றாள் பானையிடம். "நேரங்காலம் கிடையாது."

செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது. "பல்லு தேச்சானா?"

யாரிடம் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாள் அசையவில்லை. சொர்ணா தாளைப் பார்த்தே பதில் சொன்னாள். "நான் வரும்போது தேய்க்கலை."

"தேய்க்க மாட்டான்" என்றது தாள்.

தங்கம்மைதான் முதலில் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கால். முப்பிடாதி அம்மாள் சிரிக்கவில்லை. "தண்ணி எவ்வளவு வச்ச?" என்று கேட்டாள்.

"ஒண்ணுக்கு மூணு."

"பத்தாது. பானைப் பொங்கலுக்கு நாலு. ரெண்டாவது களைஞ்ச தண்ணிதானே?"

"ஆமா. ரெண்டாவதுதான்."

"ம்" என்றாள். சொர்ணாவுக்குச் சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. உங்கள் மகன் சாயங்காலங்களில் இந்தத் தெருமுனையில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது இருந்தது, நாங்கள் ஒன்றும் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்பது இருந்தது. அதையெல்லாம் இந்தப் பானைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தால் இடம் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டாள்.

அப்போது முப்பிடாதி அம்மாள் அரிசித் தட்டை உயர்த்தி, கிழக்கே பார்த்துச் சுற்றி, நின்றுகொண்டிருந்த பாலில் கை கையாக அரிசியை அள்ளிப் போட்டாள்.

"ஏத்தா, பொங்காம எப்படிப் போடுவ?" என்றாள் தங்கம்மை.

"மனுசருக்குப் பசிக்கும்லா" என்றாள் முப்பிடாதி அம்மாள். அரிசி விழுந்த இடத்தில் வெள்ளை மேடு கொஞ்சம் குழிந்து, மறுபடி எழுந்து நின்றது. வழியவில்லை. அவள் நாக்கை மடித்துக் குலவையிட்டாள். முதல் குலவை வறட்சியாக, இருமல் மாதிரி வந்தது. இரண்டாவது கொஞ்சம் நீண்டது. தங்கம்மை அவசர அவசரமாகத் தன் பானையில் அரிசியைக் கொட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், தெரு திரும்பிப் பெருமாள் கோயில் பக்கம், பொங்காத பானைகளுக்கு முன்னால் பெண்கள் குலவையிடுகிற சத்தம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போனது. சங்கரலிங்கம் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

"வாரேன்" என்றாள் சொர்ணா.

முப்பிடாதி அம்மாள் வாசலைப் பார்த்தாள், கணவரின் விரல்களைப் பார்த்தாள். "உள்ள வந்துட்டுப் போயேன்" என்றாள், ஆனால் பாதியிலேயே குரல் தேய்ந்துவிட்டது.

"இன்னொரு நாள் வாரேன்த்தை. கோயிலுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போகணும், ஆறிரும்."

அத்தை என்ற வார்த்தை எப்போது வந்தது என்று இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. "சரி" என்றாள் முப்பிடாதி அம்மாள். அந்த வீட்டுச் சரிகளைப் போலத்தான் இதுவும் இருந்தது. சொர்ணா அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே கோயில் வரை நடந்து, தேங்காய் உடைத்து, வந்த வழியைத் தவிர்த்து வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.

நொச்சிக்குறிச்சியில் அதற்குப் பிறகும் பால் பொங்கவில்லை, இப்போதும் பொங்குவதில்லை. டீக்கடை மாஸ்டர்கள் சீட்டாட்டத்தை விட்டுவிடவில்லை, ஓட்டுக் கொட்டகைத் தரகர் பக்கத்திலேயே இன்னொரு கொட்டகை போட்டிருக்கிறார். ஆனால் பொங்கல் வந்தால் மட்டும் பெண்கள் பானை ஏற்றியதும் அரிசியைப் போட்டுக் குலவையிட்டுவிட்டு, அடுத்த வீட்டைப் பார்த்து, "பொங்கிட்டா?" என்று கேட்கிறார்கள். "இல்ல, உங்களுக்கு?" என்று அடுத்த வீடு கேட்கிறது. "எங்களுக்கும் இல்ல." பிறகு தண்ணீர் எவ்வளவு, வெல்லம் எந்தக் கடை, மகன் எழுந்துவிட்டானா என்று பேச்சு தொடர்கிறது. வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கு இது விநோதமாக இருக்கும், ஒரு வருஷத்தில் பழகிவிடும்.

அன்று சொர்ணா மாடி ஏறியபோது ஆவுடையப்பன் எழுந்து, பல் தேய்க்காமல், பானையிலிருந்தே கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நிறுத்தினான். தெருவில் என்ன நடந்திருக்கும் என்பதை அவளுடைய முகத்திலிருந்து கண்டுபிடிக்க முயன்றான், அதில் ஒன்றும் இல்லை.

"அங்க போனியா?"

"போனேன்."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. பொங்கிட்டான்னு கேட்டேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அங்கயா?"

"ம்."

"அம்மா என்ன சொன்னா?"

"இல்லன்னாங்க."

"இல்லன்னாளா? பேசினாளா?"

"தண்ணி எவ்வளவு வச்சேன்னு கேட்டாங்க. ஒண்ணுக்கு மூணுன்னேன்."

"நாலு வைக்கணும்" என்றான் அவன். வாயில் இருந்ததை மெதுவாக மென்றான். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, "இது வேகலை சொர்ணா, அரிசி பல்லுல நிக்கு" என்றான்.

"அதான் அவங்களும் சொன்னாங்க."

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். வெளியே இன்னும் ஏதோ ஒரு தெருவில் பிந்திய குலவை ஒன்று கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான்.

"எதை?"

"மொதல்லேருந்து. நீ தெருவுக்குள்ள நுழைஞ்சதுலேருந்து."

சொர்ணா கூடையை இறக்கி வைத்தாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்து, வேகாத பொங்கலில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, தங்கம்மை கூப்பிட்டதிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பல் தேய்த்தானா என்று அவன் அப்பா கேட்ட இடம் வந்தபோது அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும், அதற்கு நடுவே பல் தேய்க்கிற சத்தமும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தன.